அமுதசுரபியும் அருவிவெட்டுக் கூலியும்: கற்பனை உலகங்களின் பொருளியல் பற்றி ஒரு நோக்கு

மாடு கட்டிச் சூடு மிதித்த காலத்திலே, பூநகரி வயற்களங்களில் குவிந்த நெல்லுக்குப் 'பொலி' என்று பெயர். களத்தில் நிற்பவர் 'குறைந்தது', 'முடிந்தது' என்ற சொற்களை வாயில் எடுக்கலாகாது. 'பொலி, பொலி' என்றே சொல்லவேண்டும். சொல்லின் வலியால் நெல் பெருகும் என்பது அந்நம்பிக்கையின் சாரம். ஆயின் தூற்றி முடிந்த பின்னர் அதே களத்திலே பறையும் கொத்தும் வெளிவந்தன. காணிக்காரனின் வாரம், விதைநெல், கடனுக்குக் கழிப்பது, அருவி வெட்டியவர்களின் கூலி என்று ஒவ்வொன்றும் அளந்து பிரிக்கப்பட்டது. நெல் தானாகப் பெருகும் என்று பாடிய வாய்கள், அளக்கும் வேளையில் ஒரு கொத்துக்கும் வழக்காடின. ஒரே களத்தில், ஒரே நாளில், கற்பனையும் கணக்கும் அருகருகே நின்றன.

மீவியற்கைக் கற்பனை உலகங்களைப் படைக்கும் இலக்கியங்களை ஆராய்வோர் பெரும்பாலும் அக்களத்தின் முற்பகுதியோடு நின்றுவிடுகின்றனர். தெய்வங்கள், மாயப் பொருள்கள், அற்புதப் பயணங்கள் ஆகியவற்றின் குறியீட்டுப் பொருளை விரித்துரைக்கின்றனர். அளவை நடக்கும் பிற்பகுதியை நோக்குவதில்லை. அவ்வுலகங்களிலே பொருள் எவ்வாறு உண்டாகிறது, எவ்வழியாகக் கைமாறுகிறது, உழைத்தவனுக்கு என்ன கிடைக்கிறது என்னும் வினாக்கள் இலக்கியத்துக்குப் புறம்பானவை என்ற எண்ணம் இன்னும் வலிமையாக உள்ளது. அவ்வினாக்களைத் தமிழில் நமக்குள்ள மிகத் தெளிவான சான்றொன்றின்மீது எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அச்சான்று மணிமேகலை.

1

மணிமேகலையின் அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாத உணவுப் பாத்திரம். காப்பியம் அதற்கு ஒரு வரலாறு கூறுகின்றது. ஆபுத்திரன் மதுரையிலே சிந்தாதேவியின் கோயில் அம்பலத்தில் தங்கி, வீடுதோறும் இரந்து பெற்ற சோற்றை ஏழைகளுக்கு ஊட்டிவிட்டு, எஞ்சியதை உண்டு வாழ்ந்தான். மழைக்கால நள்ளிரவொன்றில் பசித்தோர் சிலர் வந்து அவனை எழுப்பினர். கொடுக்க அவனிடம் எதுவுமில்லை. அப்பொழுது சிந்தாதேவி தோன்றி அப்பாத்திரத்தை அளித்தாள்.

இந்நிகழ்ச்சியின் பொருளியலை நிதானமாக நோக்குதல் வேண்டும். பாத்திரம் கிடைப்பதற்கு முன்னரும் ஆபுத்திரன் பசிப்பிணி தீர்த்துக்கொண்டுதான் இருந்தான். அன்று அவன் ஊட்டிய சோறு மதுரை இல்லங்களிலிருந்து வந்தது. அவ்வில்லங்களுக்கு அது வயலிலிருந்து வந்தது. வயலிலே அதனை விளைவித்தவர் உழவர். இச்சங்கிலி நீளமானது, ஆயினும் அறுபடாதது. அமுதசுரபி தோன்றியதும் சங்கிலி அறுகின்றது. சோறு இருக்கிறது, நெல்லைக் குற்றிய கை, அடுப்பை மூட்டிய கை, நாற்றை நட்ட கை எதுவும் இல்லை. உழைப்பு நீக்கப்பட்ட பண்டம் இது. மாயப்பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான இலக்கணம் இதுவே.

ஆனால் காப்பியகாரர் அச்சங்கிலியை முற்றாக அறுத்துவிடவில்லை என்பது மனங்கொளத்தக்கது. மணிபல்லவத்திலே பாத்திரத்தைப் பெற்ற மணிமேகலை புகார் நகருக்கு மீண்டதும் உடனே அறஞ்செய்யத் தொடங்கிவிட முடியாது. முதற் பிச்சையை ஒரு கற்புடை மங்கை இடவேண்டும். காயசண்டிகை அவளுக்கு ஆதிரையின் இல்லத்தைக் காட்டுகிறாள். ஆதிரை இட்ட சோறே அதன்பின் பெருகத் தொடங்குகிறது. அதாவது, எல்லையற்ற உணவுக்கும் ஒரு முதல் தேவைப்படுகிறது. அந்த முதல் ஒரு குறிப்பிட்ட வீட்டின் அடுக்களையிலிருந்து வரவேண்டியிருக்கிறது. அவ்வீடு யாருடையது என்று காப்பியமே சொல்கின்றது. அது சாதுவன் என்னும் வணிகனின் வீடு.

2

சாதுவனின் கதையை ஆய்வாளர் பலரும் பௌத்த அறவுரைக்கான கிளைக்கதையாகவே கொள்வர். அது தமிழிலக்கியத்தில் வாணிப மூலதனத்தின் பிறப்பை விளக்கும் அரிய பகுதியுமாகும்.

சாதுவன் கணிகை வீட்டிலும் சூதிலும் கைப்பொருளை இழந்தவன். மீண்டும் பொருளீட்ட வங்க வணிகரோடு கப்பலேறினான். காற்றில் கலம் உடைந்தது. ஒடிந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு அவன் நக்க சாரணர் எனப்படும் நாகர் வாழும் மலைப்பக்கத்தை அடைந்தான். அவர்கள் கரையேறுவோரைக் கொன்று தின்பவர்கள். அவன் அவர்களது மொழியை அறிந்திருந்தமையால் உயிர்தப்பி, அவர்களின் தலைவனுக்கு வினைப்பயன் பற்றியும் கொல்லாமை பற்றியும் அறிவுறுத்தினான். கலமுடைந்து வருவோரைக் கொல்வதை விடுவதாக நாகர் ஏற்றனர். அதற்கு ஈடாக, முன்னர் அவ்வாறு வந்து தம்மால் உண்ணப்பட்டோரின் நறுமண மரங்களையும் துகில்களையும் பொருட்குவியலையும் அவனுக்குக் கொடுத்தனர். சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்திலேறி அவன் அவற்றோடு ஊர்மீண்டான்.

இங்கே நிகழ்ந்தது என்ன? நாகரின் கரையிலே அகிலும் துகிலும் குவிந்து கிடந்தன. அங்கே அவற்றுக்கு விலை இல்லை. ஆடையுடுத்தாத மக்களுக்குத் துகிலின் பயன்மதிப்பே இல்லை. அதே பொருள் புகாரிலே செல்வம். ஓரிடத்தில் மதிப்பற்றதை மற்றோரிடத்தில் மதிப்புள்ளதாக்கும் இட வேறுபாடே வாணிப மூலதனத்தின் ஊற்று. மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் முதற் பாகத்திலே ரொபின்சன் குரூசோவை எள்ளலோடு எடுத்துக்காட்டுவார்: உடைந்த கப்பலிலிருந்து கைக்கடிகாரத்தையும் பேரேட்டையும் மையையும் மீட்ட அவன், உண்மையான ஆங்கிலேயனாகத் தனித்தீவிலும் கணக்கெழுதத் தொடங்குகிறான். ரொபின்சனுக்கு வாள் எங்கிருந்து வந்தது என்று எங்கெல்ஸ் டூரிங்கிடம் கேட்ட கேள்வியும் இவ்வகையானதே. நாம் சாதுவனை நோக்கி அதே கேள்வியைக் கேட்கலாம். அப்பொருட்குவியல் யாருடையது? அது இறந்துபோன வணிகர்களுடையது. அவர்களுக்குப் புகாரிலோ வேறு பட்டினங்களிலோ மனைவியரும் மக்களும் கடன் கொடுத்தோரும் இருந்திருப்பர். அவர்களில் ஒருவர்கூடக் காப்பியத்திலே வாய் திறப்பதில்லை. ஆதிரை தீப்பாய முயன்றபோது அவள் கணவன் உயிரோடிருக்கின்றான் என்று அசரீரி அறிவித்தது. ஏனைய கைம்பெண்களுக்கு அசரீரி எதுவும் அறிவிக்கவில்லை.

இக்கற்பனையை வரலாற்றோடு ஒப்பிடுவதற்கு நமக்கு மிக அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. மணிபல்லவம் நயினாதீவே என்பது நீண்டகால மரபு; அதனை ஆய்வாளர் அனைவரும் ஏற்பதில்லை. ஆனால் அதே நயினாதீவின் நாகபூஷணி அம்மன் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) தமிழ்ச் சாசனம் ஒன்று உள்ளது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். அச்சாசனம் பேசும் பொருள் உடைந்த மரக்கலங்கள். ஊராத்துறையில் வந்திறங்கும் பரதேசிகள் காக்கப்பட வேண்டும் என்று கூறிவிட்டு, அது கணக்குக்கு வருகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் கெட்டால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. வாணிபப் பண்டம் ஏற்றிய கலம் கெட்டால் செம்பாகம் பண்டாரத்துக்கு, செம்பாகம் உடையவனுக்கு.

இவ்விரண்டையும் ஒரே கலத்தின்மீது பொருத்திப் பார்ப்போம். கரையொதுங்கிய பொருளின் பெறுமதி நூறு கழஞ்சு பொன் என்று வைத்துக்கொள்வோம். குதிரைக் கலமாயின் அரசனுக்கு 25, உடையவனுக்கு 75. பண்டக் கலமாயின் 50, 50. குதிரைக்கு ஏன் இந்தச் சலுகை? படைக்கு யானையும் குதிரையும் அரசனுக்கே தேவைப்பட்டன. அவற்றைக் கொண்டுவருவோனின் ஆபத்தை அரசன் ஓரளவு தாங்கினாலன்றி அடுத்த பருவத்தில் அவன் வரமாட்டான். சாதுவனின் கரையிலோ அரசனுக்கு 0, உடையவனுக்கு 0, கரையில் தப்பியவனுக்கு 100. சாசனம் உடைமையையும் அரசின் பங்கையும் அறிந்து எழுதப்பட்டது. காப்பியம் அவ்விரண்டையும் மறந்து எழுதப்பட்டது. காப்பியப் பொருளியலில் முதல் உடைவு இங்கேதான். அது ஓசையின்றி நிகழ்வதற்குக் காரணம், அறவுரை அதன்மீது விரிக்கப்பட்டிருப்பதே. பொருள் கைமாறுவது வாணிபமாகவோ கொள்ளையாகவோ நமக்குத் தோன்றுவதில்லை. நல்லுபதேசத்துக்கான காணிக்கையாகத் தோன்றுகின்றது.

எனவே ஆதிரை இட்ட முதற் பிச்சையின் வழியைப் பின்னோக்கிச் சென்றால் நாம் அடைவது உழவனின் வயலையன்று. நாகர் கரையில் இறந்தோரின் பண்டங்களை. அமுதசுரபியின் விதைநெல் வாணிப மூலதனம். காப்பியத்தை இயற்றிய சாத்தனாரை மரபு மதுரைக் கூலவாணிகன் என்று, அதாவது தானிய வணிகர் என்று, குறிப்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. பௌத்த, சமண சமயங்களுக்கும் பண்டைத் தமிழகத்து வணிக வர்க்கத்துக்கும் இருந்த உறவைப் பேராசிரியர் க. கைலாசபதி 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' (1966) என்ற நூலில் விளக்கியுள்ளார். அவ்வுறவு அமுதசுரபியின் உள்ளேயே பதிந்திருக்கிறது என்பது எமது துணிபு.

3

தானிய வணிகன் ஒருவன் இலவசச் சோற்றுப் பாத்திரத்தைப் பாடுவது முரணாகத் தோன்றலாம். எல்லையற்ற சோறு நகருக்குள் வந்தால் நெல்லின் விலை என்னாகும்? விழ வேண்டும். காப்பியத்திலே அது விழுந்ததாக ஒரு குறிப்பும் இல்லை. இதனைக் கவிஞரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடல் எளிது. ஆனால் பாத்திரத்திலிருந்து உண்பவர் யாவர் என்று பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. கண்ணிலார், செவியிலார், கால் முடப்பட்டோர், பேணுவாரற்றோர், நோயுற்றோர் ஆகியோரே அவர்கள். இவர்களிடம் நெல் வாங்கக் காசும் இல்லை. விற்க உழைப்புச் சக்தியும் இல்லை. அவர்கள் ஏற்கெனவே சந்தைக்கு வெளியே நிற்பவர்கள். வாங்க இயலாதவனுக்கு இலவசமாகக் கொடுப்பதால் விற்பவனுக்கு நட்டம் இல்லை. அமுதசுரபி கூலக்கடையின் வாசலைத் தொடாமல் அதனைச் சுற்றிச் செல்கின்றது. ஆகவே இவ்விடத்தில் காப்பியத்தின் பொருளியல் உடையவில்லை; மிகக் கவனமாகக் காக்கப்பட்டிருக்கிறது.

உடைவு வேறிடத்தில் உள்ளது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய காதையிலே சோழனின் பூஞ்சோலை மண்டபம் வருணிக்கப்படுகின்றது. மகத நாட்டு வினைஞர், மராட்டக் கம்மியர், அவந்திக் கொல்லர், யவனத் தச்சர் ஆகியோர் தமிழ் வினைஞரோடு கூடிச் செய்தது அம்மண்டபம். ஐந்து தொழிலாளர் கூட்டம் நாட்டுப் பெயரோடு குறிக்கப்படுகிறது. அவர்கள் பெற்ற கூலி பற்றி ஒரு சொல் இல்லை. அவர்கள் எங்கே உண்டனர், எதை உண்டனர் என்பதும் இல்லை. இரட்டைக் காப்பியங்களில் மற்றதாகிய சிலப்பதிகாரம் மாதவியின் மாலைக்கு 1008 கழஞ்சு பொன் என்று விலையைத் துல்லியமாகக் கூறுகிறது. விலை தெரிகிறது, கூலி தெரியவில்லை. பண்டம் விற்கப்படும் கணத்தை அறிந்த வர்க்கத்துக்கு அது ஆக்கப்படும் நாள்கள் புலப்படுவதில்லை.

இதே காதையில்தான் மணிமேகலையின் வேண்டுகோளுக்கிணங்க மன்னன் சிறையை அறச்சாலையாக்குகிறான். ஒரு வினாவை இங்கே எழுப்பலாம். அறச்சாலையில் நாள்தோறும் சோறு இலவசமாகக் கிடைக்குமாயின், வயலில் வெயிலில் நின்று யார் நெல் அறுப்பர்? இவ்வினா நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது; சாத்தனாருக்குத் தோன்றவில்லை. ஏன் என்பதே ஆய்வுக்குரியது.

இங்கிலாந்திலே 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத் திருத்தத்தை ஆக்கியோரை இவ்வினாவே ஆட்டிப்படைத்தது. உதவி பெறுவோனின் நிலை, தன் உழைப்பால் வாழும் மிகக் கீழ்நிலைத் தொழிலாளியின் நிலையைவிட மோசமாக இருத்தல் வேண்டும் என்பது அவர்களது கொள்கை. ஆகவே அவர்கள் வறியோர் இல்லங்களைச் சிறைபோல் அமைத்தனர், குடும்பங்களைப் பிரித்தனர், கஞ்சியை அளந்து ஊற்றினர். புகாரிலே சிறை அறச்சாலையாயிற்று. இங்கிலாந்திலே அறச்சாலை சிறையாயிற்று. இவ்வேறுபாட்டைப் பௌத்தக் கருணைக்கும் ஆங்கிலேயக் கொடுமைக்கும் இடையிலான வேறுபாடாக மட்டும் காண்பது போதாது. தொழிற்புரட்சிக் காலத்து இங்கிலாந்தில் உழைப்பாளி நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டவன். பசி ஒன்றே அவனை ஆலை வாசலுக்கு விரட்டியது. இலவசச் சோறு அப்பசியைத் தணித்தால் ஆலை நின்றுவிடும். சாத்தனாரின் சமுதாயத்தில் கூலியுழைப்பு உற்பத்தியின் பொதுவடிவமாகவில்லை. உழுவோரை வயலோடு பிணைத்து வைத்தவை பிறப்பும் வழக்கமும் அதிகாரமும். அவற்றைச் சோற்றுப் பாத்திரம் அவிழ்க்காது. ஆகவே அங்கே சோற்றை அள்ளி வழங்கலாம். வயல் தொடர்ந்து அறுக்கப்படும்.

அப்படியாயின், இன்றைய வாசகனுக்கு ஓட்டையாகத் தென்படுவது காப்பியம் பிறந்த உற்பத்தி முறையின் தடயமே. கற்பனை உலகின் பொருளியல், அதனைப் படைத்தோர் இயல்பானதென்று கொண்டமையால் நோக்காதுவிட்ட உழைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே உடைகின்றது.

4

இம்முடிபு நவீன மாயக்கதைகளுக்குப் பொருந்துமா? உலகெங்கும் வாசிக்கப்பட்ட ஹரி பொட்டர் வரிசை (1997-2007) முதலாளித்துவம் முற்றிய சமுதாயமொன்றில் எழுந்தது. எனவே அங்கே காவல் வைக்கப்பட்ட வாசல் வேறு. உணவை வெறுமையிலிருந்து மந்திரத்தால் உண்டாக்க முடியாது என்று இறுதி நூல் ஒரு விதியையே வகுக்கின்றது. அமுதசுரபிக்கு அவ்வுலகில் சட்டப்படி இடமில்லை. பற்றாக்குறை இல்லாத உலகில் வறிய குடும்பம் ஒன்றைக் காட்ட முடியாது என்பதை ஆசிரியர் உணர்ந்திருக்கிறார்.

நாணயத்தைப் பொறுத்தமட்டில் அவர் அத்துணைக் கவனங் காட்டவில்லை. அவ்வுலகில் ஒரு பொற்காசுக்கு 17 வெள்ளிக்காசு, ஒரு வெள்ளிக்காசுக்கு 29 வெண்கலக்காசு, விகிதம் மாறுவதேயில்லை. அவ்வுலகத்து வங்கி வெளியுலகப் பணத்தையும் மாற்றிக் கொடுக்கின்றது. காசுகளின் எடை சமமென்று கொண்டால், வெளிச் சந்தையில் ஒரு பங்கு பொன்னுக்கு 50 பங்குக்கு மேல் வெள்ளி கிடைக்கும் காலத்தில், 17 வெள்ளிக்காசை உள்ளே கொடுத்து ஒரு பொற்காசைப் பெற்று, உருக்கி வெளியே விற்பவன் ஒரே சுற்றில் தன் வெள்ளியை மும்மடங்காக்குவான். சில வாரங்களில் அவ்வுலகத்தில் ஒரு பொற்காசும் எஞ்சாது. இரண்டு விலையுலகங்களுக்கு இடையே கதவு திறந்திருந்தால் அங்கே ஒரு சாதுவன் தோன்றியே தீருவான். அக்கதைகளில் அவன் தோன்றுவதில்லை.

ஆயினும் ஆழமான உடைவு கூலியிலேதான். மாயப்பள்ளியின் விருந்துமண்டபத்திலே தட்டுகளில் உணவு தானே தோன்றுகிறது. நான்காம் நூலில்தான் (2000) அதன் மறைவிடம் வெளிப்படுகின்றது. மண்டபத்துக்கு நேர் கீழே சமையற்கூடம். மேலுள்ள மேசைகளுக்கு நேராக அங்கும் மேசைகள். நூற்றுக்கு மேற்பட்ட குற்றேவற் பூதங்கள் கூலியின்றிச் சமைத்து மேலே அனுப்புகின்றன. அற்புதம் என்று தோன்றியது மறைக்கப்பட்ட உழைப்பு என்று ஆசிரியரே நிலக்கதவைத் திறந்து காட்டும் இவ்விடம் மிகச் சிறந்தது. ஆனால் உடனே அக்கதவு மூடப்படுகின்றது. விடுதலை பெற்ற டொபி என்னும் பூதத்துக்குத் தலைமையாசிரியர் வாரத்துக்குப் பத்துப் பொற்காசும் வார இறுதி விடுமுறையும் தருவதாகக் கூற, டொபி பேரம் பேசி அதனை வாரத்துக்கு ஒரு பொற்காசாகவும் மாதத்துக்கு ஒருநாள் விடுமுறையாகவும் குறைத்துக்கொள்கிறது. ஏனைய பூதங்கள் கூலி என்ற பேச்சையே வெறுக்கின்றன. உழைப்போன் தானே தன் கூலியைக் குறைக்கும் பேரம் உண்மையுலகில் நடப்பதுண்டு. வாசலில் அதைவிடக் குறைந்த கூலிக்கு இன்னொருவன் காத்திருக்கும்போது அது நடக்கும். இங்கே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது பூதங்களின் இயல்பு. சமூக உறவு இயற்கைக் குணமாக மாற்றப்படுகின்றது. சாத்தனார் கூலியைப் பற்றிப் பேசவில்லை. நவீன ஆசிரியர் பேசுகிறார்; பேசியபின் அதனை நகைச்சுவையாக்கிவிடுகிறார்.

5

மீண்டும் ஆபுத்திரனிடம் வருவோம். காப்பியத்தின் மிக நேர்மையான பகுதி அவனுடைய முடிவு. அவனது அறத்தால் இந்திரனின் பாண்டுகம்பளம் நடுங்கிற்று. வரமளிக்க வந்த இந்திரனை ஆபுத்திரன் மதிக்கவில்லை. சினந்த இந்திரன் பாத்திரத்தைப் பறிக்கவில்லை. பன்னீராண்டு வறண்டிருந்த பாண்டிநாட்டில் மழையைப் பெய்வித்தான். வயல் விளைந்தது. பசித்தோர் வருவது நின்றது. அவர்கள் குழுமிய அம்பலத்திலே விடரும் சூதாடிகளும் வம்பளப்போரும் அமர்ந்தனர். எடுக்கக் குறையாத பாத்திரம் பயனற்றுப் போயிற்று. ஈகை தன் இருப்புக்கு வறுமையை வேண்டி நிற்கின்றது என்னும் உண்மையைத் தமிழில் இதைவிடக் கூர்மையாக எந்நூலும் காட்டியதாகத் தெரியவில்லை. வறியோர் இன்மையால் கோசலத்தில் கொடைக்கு இடமில்லை என்று பின்னர் கம்பரும் கூறுவார். ஆயின் அவருக்கு அது நாட்டுவளம் பாடும் அணி, ஆபுத்திரனுக்கு அது வாழ்வின் முடிவு. பசித்தோரைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கலமேறிய அவன், இடையிலே மணிபல்லவத்தில் இறங்கியபோது கலம் அவனை விட்டுச் சென்றுவிட்டது. பல்லுயிர் காக்கும் பாத்திரத்தைக் கொண்டு தன்னுயிரை மட்டும் காக்க மனமின்றி, அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணாது உயிர்நீத்தான். பகிர்வதற்கு ஒரு சமுதாயம் இல்லாத இடத்தில் எல்லையற்ற உணவும் செல்வமாகாது என்பதை அவன் அறிந்திருந்தான்.

ஆனால் காப்பியம் ஒன்றை அறியவில்லை. அதன் நோக்கில் பஞ்சம் என்பது மழை பொய்த்து நெல் இல்லாமற் போவது. மழை பெய்தால் பசி தீரும். நெல் இருந்தும் மக்கள் பட்டினி கிடப்பது அதன் கற்பனைக்கு எட்டவில்லை. அமர்த்தியா சென் 'வறுமையும் பஞ்சங்களும்' (1981) என்ற நூலிலே 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து, அவ்வாண்டில் கிடைத்த உணவு பஞ்சமில்லாத 1941ஆம் ஆண்டினதைவிடக் குறைவன்று என்று காட்டினார். அரிசி விலை பாய்ந்தது. விவசாயக் கூலி பின்தங்கியது. கூலியை அரிசியாக்க முடியாதவர்கள் இறந்தார்கள். அமுதசுரபி தீர்க்கும் பசி மழையில்லாப் பசி. வங்கத்தில் மக்களைக் கொன்றது கூலியில்லாப் பசி.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2009இல் போர் முடிந்து மக்கள் மீளக்குடியேறிய பின்னர் வன்னி வயல்களில் அறுவடை இயந்திரம் பரவலாயிற்று. அது வயலுக்குள் இறங்கி அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லைச் சாக்கில் இறக்குகின்றது. பொலி பாட வாய் தேவையில்லை. அருவி வெட்டக் கை தேவையில்லை. காணிக்காரனுக்குச் செலவும் நாளும் குறைகின்றன; மழை வருமுன் நெல் வீடு சேர்கிறது. இயந்திரத்தைப் பழிப்பது எமது நோக்கமன்று. முதுகு முறிய வெட்டியவர்களின் பிள்ளைகள் அவ்வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று எவரும் விரும்பார். ஆயின் களத்தில் அளந்து கொடுக்கப்பட்ட நெற்கூலி, காணியில்லாக் குடும்பமொன்றுக்குச் சில மாதச் சோறாக இருந்தது. இயந்திரத்தின் வாடகை அவ்விடத்தை எடுத்துக்கொண்டது. மொட்டைக்கறுப்பன் விளையும் ஊரிலே, நெற்குவியலுக்கு அருகில் வாழும் காணியற்றவர் அரிசியைக் கடையிலே காசுக்கு வாங்குகின்றனர். கையை நீக்கிச் சோற்றைத் தரும் பாத்திரம் என்ற பழைய கனவு ஒருவகையில் நனவாகியிருக்கிறது. பாத்திரத்தின் உடைமை மட்டும் ஆபுத்திரனிடம் இல்லை.

இவ்வாய்வு முறைக்கு ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். பௌத்த அறத்தை உணர்த்தவந்த காப்பியத்திடம் கூலிக் கணக்குக் கேட்பது இலக்கியத்தை இயந்திரரீதியாகக் குறுக்குவதாகும் என்பர். நாம் காப்பியத்திடம் கணக்கை வெளியிலிருந்து கொண்டுபோகவில்லை. முதற் பிச்சை எவ்வீட்டிலிருந்து வரவேண்டும் என்று வகுத்ததும், மண்டபத்தைக் கட்டிய வினைஞரை நாட்டுவாரியாக அடுக்கியதும், மழை பெய்தபின் பாத்திரம் வெறுமையானதைச் சொன்னதும் காப்பியமே. கற்பனையின் பெருமை பொருளியலைக் கடப்பதில் இல்லை. அதனை எவ்விடம் வரை காண முடிந்ததோ அவ்விடம் வரை உண்மையாகக் காண்பதில் இருக்கிறது. அதற்கப்பால் வாசகன் தன் பறையையும் கொத்தையும் எடுத்துக்கொண்டு களத்தில் இறங்க வேண்டியவனாகிறான்.